ஒரு பக்கம் தள்ளி வைத்த சுமையோடு மிதவை நிற்குமா, கவிழுமா? மெட்டாசென்ட்ரிக் உயரம் வைத்து முடிவு செய்யும் முறை

கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றை ஒட்டிய இறால் குட்டைகளில், டீசல் எஞ்சின் பம்பு செட்டை மிதவை மேல் ஏற்றித் தண்ணீர் இறைக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். இரும்புத் தகட்டில் பெட்டி அடித்து, அதன் மேல் எஞ்சினை வைத்து, தண்ணீரில் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். சில மிதவைகள் நிற்கும். சில மெதுவாகச் சாய்ந்து எஞ்சினோடு கவிழும். எது நிற்கும் என்பதைப் பெட்டி அடிப்பதற்கு முன்பே காகிதத்தில் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கை முதல்முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். "சுமை நடுவில் இல்லை, அதனால் நிலையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். மிதவை சாய்ந்தால் திரும்பி நிமிருமா என்பது ஒன்று. அதற்குப் பதில் உயரங்களில் இருக்கிறது. சுமை பக்கவாட்டில் தள்ளி இருப்பதால் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் இரண்டாவதற்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதனால்தான் இப்படி இருக்கிறது.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டிய அளவுகள்

நாம் எடுத்துக்கொள்ளும் மிதவை செவ்வகப் பெட்டி. நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 0.5 மீட்டர். தகடு, சட்டம் எல்லாம் சேர்த்து எடை 300 கிலோ. மேலே வரும் பம்பு செட் 100 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் மேல்தளத்திலிருந்து 35 செ.மீ. உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. ஒரு பக்கமாக இருக்கிறது.

எஞ்சினும் பம்பும் பக்கம் பக்கமாக இருக்கும் செட்டில் இந்த 5 செ.மீ. சாதாரணமாக வந்துவிடும். செட்டின் அடிச்சட்டத்தை ஒரு குழாய் மேல் வைத்து உருட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் சமநிலைக்கு வருகிறதோ, ஈர்ப்பு மையம் அதற்கு நேர் மேலே இருக்கும். பக்கவாட்டு அளவை இப்படி எடுத்துவிடலாம். உயரத்தை எடுப்பது கொஞ்சம் சிரமம்; தெரியாவிட்டால் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் குறைத்துப் போட்ட கணக்கு ஆபத்தான பக்கம் தவறும்.

தண்ணீரின் அடர்த்தியும் வேண்டும். உப்பனாற்றில் கோடையில் உப்பு ஏறும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கும். கடல்நீருக்கு 1025, நல்ல தண்ணீருக்கு 1000 கிலோ/கனமீட்டர். நாம் 1000 வைத்தே போடுவோம். இந்த மிதவைக்கு அதுதான் மோசமான நிலை: நல்ல தண்ணீரில் அது சற்று ஆழமாக அமிழும், நிமிர்ந்து நிற்கும் திறனைக் காட்டும் மெட்டாசென்ட்ரிக் உயரமும் சற்றுக் குறையும்.

## 2. எல்லா உயரத்தையும் அடித்தட்டிலிருந்தே அளக்க வேண்டும்

பெட்டியின் அடித்தட்டை K என்று வைத்துக்கொள்வோம். மிதப்பு மையம் B, ஈர்ப்பு மையம் G, மெட்டாசென்டர் M. இவற்றின் உயரங்கள் எல்லாமே K-யிலிருந்து தொடங்க வேண்டும். K-யிலிருந்து B வரை உள்ள உயரம் KB, G வரை உள்ளது KG.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பம்பு செட்டின் உயரத்தை மேல்தளத்திலிருந்து அளந்து, பெட்டியின் உயரத்தை அடியிலிருந்து அளந்து, இரண்டையும் அப்படியே கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நம் பம்பு செட்டின் ஈர்ப்பு மையம் அடித்தட்டிலிருந்து 0.50 + 0.35 = 0.85 மீட்டரில் இருக்கிறது. கணக்கில் போட வேண்டியது இந்த 0.85-ஐத்தான்.

## 3. எவ்வளவு ஆழம் அமிழும்

மிதவை தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். மொத்த எடை 400 கிலோ. விலகும் தண்ணீர் 0.4 கனமீட்டர்.

```
T  = 0.4 / (2 × 1) = 0.20 m
KB = T / 2         = 0.10 m
```

T என்பது அமிழ்ந்த ஆழம். மிதப்பு மையம் அமிழ்ந்த பகுதியின் நடுவில் இருக்கும், பெட்டியின் நடுவில் இல்லை. பெட்டி உயரத்தில் பாதியான 0.25-ஐ KB என்று எழுதினால் விடை 15 செ.மீ. நல்லதாகத் தெரியும். இந்த மிதவையின் கையிருப்பே அவ்வளவு கிடையாது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். பெட்டியின் சொந்த எடையை மட்டும் வைத்து T கண்டுபிடிப்பதும் இதே மாதிரிப் பிழைதான். சுமை ஏறிய பிறகு வரும் மொத்த எடைதான் தண்ணீரை விலக்குகிறது.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீருக்கு மேலே நிற்கும் பெட்டியின் உயரம் 0.50 − 0.20 = 0.30 மீட்டர். கடைசியில் தேவைப்படும்.

## 4. மெட்டாசென்டர் மிதப்பு மையத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது

மிதவை சாயும்போது ஒரு பக்கம் கூடுதலாக அமிழும், மறு பக்கம் மேலே வரும். அதனால் மிதப்பு மையம் அமிழ்ந்த பக்கமாக நகரும். அந்தப் புதிய இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போட்டால், அது மிதவையின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். சாய்வு சிறியதாக இருக்கும்வரை இந்தப் புள்ளி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். B-யிலிருந்து M வரை உள்ள உயரம் BM. கீழே I என்பது மிதவை தண்ணீர் மட்டத்தில் அடைக்கும் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன், L நீளம், V விலகிய தண்ணீரின் கன அளவு.

```
I  = L × b³ / 12 = 2 × 1³ / 12 = 0.1667 m⁴
BM = I / V       = 0.1667 / 0.4 = 0.417 m
```

இங்கே மும்மடி ஆக வேண்டியது அகலம் (b). நீளத்தை மும்மடி ஆக்கினால் BM 1.667 மீட்டர் என்று வரும். அதுவும் தப்பான எண் இல்லை, ஆனால் மிதவை முன்பின்னாகச் சாய்வதற்கான எண். கவிழ்வது எப்போதும் குறுகிய பக்கமாகத்தான் தொடங்கும் என்பதால் சிறிய BM-ஐத்தான் எடுக்க வேண்டும்.

## 5. மொத்த ஈர்ப்பு மையத்தின் உயரம்

பெட்டியின் ஈர்ப்பு மையம் அதன் நடு உயரத்தில், 0.25 மீட்டரில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம்.

```
KG = (300 × 0.25 + 100 × 0.85) / 400
   = (75 + 85) / 400
   = 0.40 m
```

பாருங்கள், பெட்டியின் எடை பம்பு செட்டைப் போல மூன்று மடங்கு. ஆனால் உயரக் கணக்கில் பம்பு செட்டின் பங்குதான் பெரியது. இந்த மிதவையில் எஞ்சினை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரியே காரணம்.

## 6. முதல் தீர்ப்பு: GM நேரெண்ணா, எதிரெண்ணா

```
GM = KB + BM − KG
   = 0.10 + 0.417 − 0.40
   = 0.117 m
```

G-யிலிருந்து M வரை உள்ள இந்த GM-தான் மெட்டாசென்ட்ரிக் உயரம். நேரெண் வந்துவிட்டது. அதாவது மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கிறது. மிதவையைக் கொஞ்சம் சாய்த்தால் திரும்பி வரும். முதல் கேள்விக்கு விடை "ஆம்".

G இருப்பது 0.40-இல், B இருப்பது 0.10-இல். ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்தைவிட 30 செ.மீ. மேலே இருந்தும் மிதவை நிற்கிறது. "G எப்போதும் B-க்குக் கீழே இருக்க வேண்டும்" என்பது முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பொருளுக்கு உரிய விதி. மேற்பரப்பில் மிதக்கும் பொருளுக்கு G, M-க்குக் கீழே இருந்தால் போதும்.

இந்தப் படியில் 5 செ.மீ. தள்ளல் எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். பம்பு செட்டைப் பக்கவாட்டில் எங்கே தள்ளினாலும் KG மாறாது, அதனால் GM-உம் மாறாது. தள்ளல் வேலை செய்யும் இடம் அடுத்த படி.

## 7. எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கும்

சுமை 5 செ.மீ. தள்ளி இருப்பதால் மொத்த ஈர்ப்பு மையமும் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்கிறது.

```
s = 100 × 0.05 / 400 = 0.0125 m
```

வெறும் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். மிதவை அந்தப் பக்கமாகச் சாயும். மிதப்பு மையம் நகர்ந்து நகர்ந்து புதிய G-க்கு நேர் கீழே வந்ததும் நின்றுவிடும். சிறிய சாய்வுக்கு:

```
tan θ = s / GM = 0.0125 / 0.117 = 0.107
θ ≈ 6.1°
```

சாய்வு s-ஐ மட்டும் நம்பி இல்லை, GM-ஆல் வகுபடுகிறது. அதே தள்ளல்தான், ஆனால் GM 3 செ.மீ. என்று இருந்தால் இந்தச் சூத்திரமே 22 டிகிரிக்கு மேல் காட்டும். "கொஞ்சம்தான் தள்ளி வைத்தோம்" என்ற சமாதானம் GM தாராளமாக இருக்கும் மிதவைக்குத்தான் பொருந்தும்.

இப்போது பம்பு செட்டை 20 செ.மீ. தள்ளி வைத்தால்? s = 0.05. மேலே உள்ள சூத்திரப்படி tan θ = 0.43, சாய்வு 23 டிகிரி. ஆனால் இவ்வளவு பெரிய சாய்வில் மெட்டாசென்டர் ஒரே இடத்தில் நிற்காது, மேலே ஏறும். பக்கச் சுவர்கள் நேராக இருக்கும் பெட்டிக்கு இதையும் சேர்த்த சூத்திரம் உண்டு (t என்பது tan θ):

```
t × (GM + 0.5 × BM × t²) = s
```

t-க்கு ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் 0.35-இல் சரியாகிறது. சாய்வு சுமார் 19 டிகிரி. 5 செ.மீ. தள்ளலுக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் 6.0 டிகிரி வருகிறது, எளிய சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே 10 டிகிரி வரை எளிய சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் இரண்டாவதற்கு வர வேண்டும் என்பது என் பழக்கம்.

## 8. இரண்டு ஓரங்களையும் சரிபார்க்க வேண்டும்

கோணம் கிடைத்ததோடு பேனாவை மூடி வைக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் இதுவரை போட்ட கணக்கு செல்ல இரண்டு நிபந்தனைகள் உண்டு: சாய்ந்த பக்கத்து மேல்தள ஓரம் தண்ணீருக்குள் போகக் கூடாது, எதிர்ப்பக்கத்து அடி ஓரம் தண்ணீரைவிட்டு வெளியே வரக் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் தண்ணீர்ப் பரப்பின் அகலம் குறையத் தொடங்கும். அகலத்தின் மும்மடியில்தான் BM இருப்பதால், நிமிர்த்தும் பலம் வேகமாகக் குறைந்துவிடும்.

ஓரம் நகரும் அளவு (b/2) × tan θ. 5 செ.மீ. தள்ளலுக்கு 0.5 × 0.107, அதாவது சுமார் 5.4 செ.மீ. தண்ணீருக்கு மேல் 30 செ.மீ. இருக்கிறது, கீழே 20 செ.மீ. அமிழ்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை. 20 செ.மீ. தள்ளலுக்கு ஓரம் பதினேழரை செ.மீ. நகர்கிறது. எதிர்ப்பக்க அடி ஓரம் வெளியே வர இன்னும் இரண்டரை செ.மீ.தான் பாக்கி. காகிதத்தில் இது "நிற்கும்". ஆனால் ஒரு சின்ன அலை வந்தால் அடி ஓரம் வெளியே தெரியும். அதோடு 19 டிகிரிச் சரிவில், எண்ணெய் சிந்திய தகட்டின் மேல் போல்ட் போடாத எஞ்சின் இருந்த இடத்தில் இருக்காது. நான் அதை நிற்கும் மிதவை என்று சொல்ல மாட்டேன்.

## 9. சாய்வுக்குக் காரணம் தள்ளலா, எதிர் GM-ஆ

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கவிழும் மிதவைகளில் பலவும் இங்கேதான் கவிழ்கின்றன.

தண்ணீர் தெறித்து எஞ்சின் நனையக் கூடாது என்று 60 செ.மீ. உயர ஸ்டாண்டு மேல் செட்டை ஏற்றுகிறோம் என்று வையுங்கள். ஸ்டாண்டின் எடையை விட்டுவிடுவோம். செட்டை மிகச் சரியாக நடுவில் வைத்தாயிற்று. அதன் ஈர்ப்பு மையம் இப்போது 1.45 மீட்டரில்.

```
KG = (75 + 100 × 1.45) / 400 = 0.55 m
GM = 0.10 + 0.417 − 0.55     = −0.033 m
```

எதிரெண். தள்ளல் துளியும் இல்லாமலே மிதவை நேராக நிற்காது. ஒரு பக்கம் சாயும். சாயச் சாய மெட்டாசென்டர் ஏறுவதால் ஓரிடத்தில் தேங்கி நிற்கப் பார்க்கும். முந்தைய சூத்திரத்தில் s-க்குச் சுழியம் போட்டால் tan θ = 0.4, அதாவது சுமார் 22 டிகிரி. ஓரம் 20 செ.மீ. நகர்ந்திருக்கும், எதிர்ப்பக்க அடி ஓரம் சரியாகத் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் தாங்குவதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது ஒரு பக்கம் பாரம் கூடிய மிதவை போலத்தான் இருக்கும். "அண்ணே, இந்தப் பக்கம் சாயுது. அந்தப் பக்கம் ரெண்டு கல்லு வச்சா நேரா வந்துடும்" என்று வெல்டிங் செய்த பையன் சொல்வான். அதைச் செய்யக் கூடாது. உயர்ந்திருக்கும் பக்கத்தில் கல்லை வைத்தால் மிதவை மெல்ல நிமிரும், நேர்நிலையில் நிற்க முடியாமல் மறுபக்கம் சடாரென்று விழும். இப்போது கல்லின் பாரமும் வேகமும் அதே பக்கம் சேர்ந்துகொள்வதால் 22 டிகிரியைத் தாண்டிக் கவிழ்ந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தள்ளலால் சாய்ந்த மிதவை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்; கையால் நிமிர்த்தி விட்டால் அதே பக்கம் அதே கோணத்துக்குத் திரும்பி வரும். எதிர் GM-ஆல் சாய்ந்தது எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே போய்ப் படுத்துக்கொள்ளும், ஆட்டமும் மந்தமாக இருக்கும். இந்தச் சோதனையை ஆழமில்லாத இடத்தில், கயிறு கட்டி, கரையிலிருந்து மட்டும் செய்யுங்கள். எதிர் GM என்று தெரிந்தால் சுமையைத் தாழ்த்துங்கள். பக்கவாட்டு நகர்த்தல் எல்லாம் அதற்கு அப்புறம்.

## 10. ஆள் ஏறினால்?

டீசல் ஊற்றவும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் யாராவது ஏறத்தான் செய்வார்கள். ஸ்டாண்டு இல்லாத பழைய மிதவையையே எடுப்போம். 60 கிலோ ஆள், நின்றபடி ஓரத்தில், நடுக்கோட்டிலிருந்து 45 செ.மீ. தள்ளி. நிற்கும் ஆளின் ஈர்ப்பு மையம் காலடியிலிருந்து சுமார் 95 செ.மீ. என்று வைத்தால் அடித்தட்டிலிருந்து 1.45 மீட்டர்.

```
W  = 460 kg, T = 0.23 m, KB = 0.115 m
BM = 0.1667 / 0.46   = 0.362 m
KG = (160 + 87) / 460 = 0.537 m
GM = −0.06 m
```

எதிரெண் ஆகிவிட்டது. தள்ளலைக் கணக்கில் சேர்க்கும் முன்னரே தோல்வி. எஞ்சினோடு அழகாக மிதந்து நின்ற மிதவை, ஆள் காலை வைத்த உடனே புரள்வது இதனால்தான். எஞ்சினுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு நிறுத்தினால் இது தெரியவே வராது.

திருத்தம் அகலத்தில் இருக்கிறது. அகலத்தை 1.5 மீட்டர் ஆக்குவோம். பெட்டி எடை 420 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் அதே 5 செ.மீ. தள்ளலில், ஆள் அதே பக்கத்து ஓரத்தில் 70 செ.மீ. தள்ளி நிற்கிறார். படிகளை அதே வரிசையில் ஓட்டினால் மொத்த எடை 580 கிலோ, T 19 செ.மீ., BM 0.97 மீட்டர், KG 0.478 மீட்டர், GM 0.59 மீட்டர். s = 47 / 580 = 0.081. சாய்வு சுமார் 8 டிகிரி, ஓரம் நகர்வது 10 செ.மீ. மேலே 31 செ.மீ., கீழே 19 செ.மீ. இருப்பதால் இரண்டு ஓரமும் பத்திரம். இதில் ஆள் ஏறலாம்.

## 11. பெட்டிக்குள் தண்ணீர் இருக்கக் கூடாது

வெல்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் நாளடைவில் உள்ளே தண்ணீர் சேரும். மிதவை சாய்ந்தால் அந்தத் தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடும். இதனால் GM குறையும் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பரப்பின் I-ஐ வெளியே விலகிய நீரின் கன அளவால் வகுத்தால் வருவது. தடுப்பே இல்லாத பெட்டியில் உள்பரப்பு முழு அகலத்துக்கும் இருக்கிறது. ஆகவே குறைவது ஏறக்குறைய BM முழுவதும்.

நம் 1 மீட்டர் அகலப் பெட்டியில் 2 செ.மீ. தண்ணீர் நின்றால் எடை 40 கிலோதான் கூடும். அதை வெறும் சுமையாகப் பார்த்தால் GM 0.124 மீட்டர், நன்றாகத்தான் தெரியும். உள்ளே ஓடும் தண்ணீருக்காக 0.379 கழித்தால் −0.25. நேராக நிற்காது. நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்புத் தகடு வைத்து வெல்டு செய்திருந்தால் கழிவு நான்கில் ஒரு பங்காகி 0.095 ஆகும், GM 0.03 மிஞ்சும். அதுவும் போதாது, ஆனால் கவனித்து இறைத்துவிட நேரம் கிடைக்கும். தெர்மோகோலை இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டால் தண்ணீர் ஓட இடமே இருக்காது.

## 12. தண்ணீரில் இறக்கிய பிறகு சரிபார்ப்பது

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு தூக்குக்குண்டு போதும். பம்பு செட்டை நடுவில் நிறுத்தி, காற்றில்லாத காலை நேரத்தில், மிதவையில் 50 செ.மீ. நீள நூலில் குண்டைத் தொங்கவிடுங்கள். 10 கிலோ எடைக்கல் ஒன்றை மேல்தளத்தில் நடுக்கோட்டுக்கு 20 செ.மீ. இடப்பக்கம் வைத்து நூல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அதை 20 செ.மீ. வலப்பக்கம் மாற்றி மறுபடி குறியுங்கள். கல்லை மாற்றக் கை நீட்டலாம், ஆனால் யாரும் மேலே ஏறக் கூடாது. ஆள் நகர்ந்தால் அளவு கெட்டுவிடும்.

```
GM = (w × x × நூல் நீளம்) / (W × குண்டு நகர்ந்த தூரம்)
```

w என்பது எடைக்கல், x அது நகர்ந்த மொத்த தூரமான 0.40 மீட்டர், W கல்லையும் சேர்த்த 410 கிலோ. ஸ்டாண்டு இல்லாத, 1 மீட்டர் அகல மிதவையில் கல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட GM 0.105 மீட்டர், அப்படியானால் குண்டு சுமார் 4.6 செ.மீ. நகர வேண்டும். 7 செ.மீ. நகர்ந்தால் உண்மையான GM ஏழு செ.மீ. அளவில்தான் இருக்கிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால், பம்பு செட்டின் ஈர்ப்பு மையம் நீங்கள் எழுதிய 35 செ.மீ.யைவிட உயரத்தில் இருக்கிறது. KG-ஐத் திருத்திக்கொண்டு 6-ஆம் படியிலிருந்து மறுபடி போடுங்கள்.